நடந்துகொண்டே பார்க்க வேண்டிய படம்

தன் வீட்டுச் சுவரைப் பார்ப்பதற்காக கெர்ட்ரூட் அம்மாள் பின்வாசல் வழியாக வெளியே வருவார். வாத்துக் கூண்டைச் சுற்றி ரோட்டில் ஏறி, தன் வீட்டு முன்ஜன்னலைக் கடந்து நடப்பார். நிற்க மாட்டார். தலையை மட்டும் இடப்பக்கம் திருப்பி ஒரு பார்வை. சைக்கிள் கடை முனை வரை போய் அதே வேகத்தில் திரும்பி வருவார். இம்முறை தலை வலப்பக்கம் திரும்பும். அதன் பிறகுதான் வாத்துகளுக்குத் தவிடு.

எதிர்வீட்டில் இருப்பதால் இதை நான் நாள்தோறும் பார்த்திருக்கிறேன். ஒருமுறை கேட்டும்விட்டேன்.

"நின்னு பாக்கறது கோயில் படம், அண்ணே. இது நடந்துகிட்டே பாக்கறது. ரயிலைப் புடிக்க ஓடறவன் கண்ணுல படணும், அவன் நிக்காமயே அவனுக்குள்ள போயிடணும். வீட்டுக்குள்ள உக்காந்து பாத்தா அது பாட்டுக்குச் செத்துப் போயிடும்."

அவர் சொன்னது கப்பல், ரயில் கம்பெனிகளின் பயண விளம்பரப் படங்களை. வீட்டுக்குள், முன்ஜன்னலுக்கு நேர் எதிரான சுவரில் அப்படி ஆறு படங்கள் தொங்கின. ஐந்து முழுப் படங்கள் என்றும், ஒன்று முடிக்கப்படாத படம் என்றும் சொல்வதே சரி. ஏன் என்பது பிறகு வரும். ஜப்பான் சண்டைக்கு முன்பு, எங்கள் பத்து பாகாட் ஊரின் ஆற்றுத்துறைப் பக்கம் இருந்த ஒரு கப்பல் ஏஜென்சியில் அம்மாள் டைப்பிஸ்ட். சீமையிலிருந்து தகரக் குழாயில் சுருட்டி வரும் படங்களை ஆபீஸ் வாசலில் ஒட்டுவதும் அவர் வேலை. ஒட்டியது போக மிஞ்சியவை வீட்டுக்கு வந்தன. ஜப்பான்காரன் வந்ததும் ஏஜென்சி மூடியது. துரைமார் போனார்கள். படங்கள் மட்டும் அம்மாளின் சுவரில் தங்கின. ஜன்னலில் ஒரு பழைய சாரோங் கைலியைத் தொங்கவிட்டுவிட்டு, காலை நடைக்கு மட்டும் அதைத் தூக்கிச் செருகுவார்.

அம்மாள் நல்ல உயரம். ஒல்லி. ஆபீஸ் காலத்துப் பூப்போட்ட கவுனின் மேல் தோட்டத்து ஆட்களின் கித்தான் துணியை இடுப்பில் கட்டியிருப்பார். பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவரின் மகள். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "கப்பல் தவறிப் போச்சுலா" என்பார். சொல்லிவிட்டு வாத்துகளின் பக்கம் திரும்பிக்கொள்வார்.

படங்களில் கைவைக்க அவர் யாரையும் விடுவதில்லை. ஆனால் காட்டுவார். அந்தக் காலத்தில் இவற்றைக் கல்லில்தான் அச்சடித்தார்கள். பிறகு துத்தநாகத் தகட்டில். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஐந்து நிறம் என்றால் அதே தாள் ஐந்து முறை அச்சுக்குப் போய் வரவேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் கூலி உண்டு. அதனால் நிறத்தைக் குறைக்க ஓவியன் மூளையைக் கசக்குவான். மஞ்சளின் மேல் நீலத்தை ஓட்டிப் பச்சையை எடுத்துக்கொண்டால் ஒரு கல் மிச்சம். நிழல், நிறத்தை இழைப்பது, நுணுக்கக் கோடு எதுவும் கிடையாது. ஒரு நிறம் முடிந்த இடத்தில் அடுத்தது கத்தியால் வெட்டியதுபோல் தொடங்கும். கடற்கரை ஊர்ப் படத்தில் பாறையின் ஓரமாக மயிரிழை அகலத்தில் வெள்ளை தெரியும். அம்மாள் அதைச் சுட்டிக் காட்டுவார். "பாருங்க, நீலக் கல்லு கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கு. அன்னிக்கு அச்சு ஓட்டினவனுக்கு வீட்டுல ஏதோ சண்டை."

ஒரு படத்தில் கப்பலின் முகப்பு மட்டும். கீழிருந்து பார்த்ததுபோல் கறுப்பாகத் தாளை அடைத்துக்கொண்டு நிற்கும். மேல்தளம் தாளுக்கு வெளியே போய்விடும். காலடியில் கட்டைவிரல் அளவில் ஒரு இழுவைப் படகு. இன்னொன்றில் ஒட்டகங்கள். இன்னொன்றில் தேயிலை மலை. நம் மலாயா ரயிலுக்காக வரைந்தது ஒன்று. ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக ஓடி ஒரு புள்ளியில் மறையும். நடுவே சிவப்பாக ரயில். பால்மரம் வெட்டும் ஆள் ஒருவர்கூட இல்லை.

இந்தப் படங்கள் ஓவியக் கலையில் சேருமா என்பது அவர்கள் குடும்பத்தில் நெடுநாள் வழக்கு. எதிர்க்கட்சி ரோலண்ட். அம்மாளின் தங்கை ஐலீனின் கணவர், ஆங்கிலப் பள்ளியில் சித்திர ஆசிரியர். சண்டைக்கு முன்பு மாதா கோயில் மண்டபத்தில் ஓவியத்தின் வரலாறு என்று அவர் பேசிய கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். குகைச் சுவரில் தொடங்கி, கோயில் பீடத்துப் படங்கள் வழியாக, அரசர்களின் உருவப் படங்கள் வரை நன்றாகவே பேசினார். முடிந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து கெர்ட்ரூட் அம்மாள் எழுந்தார்.

"எல்லாம் சரி மாப்பிள்ளை. எங்க ஆபீஸ் வாசல் படம் எந்தப் பக்கத்துல வருது?"

"அது வராது அக்கா. அது சாமான் விக்கிற படம். கலைஞன் தன் மனசுல உள்ளதை வரையணும். இது கம்பெனி சொன்னதை வரையறது."

"பீடத்துப் படத்தை மட்டும் அவங்க மனசு போலவா வரைஞ்சாங்க? எந்தப் புனிதர், எந்தப் பக்கம், மாதா முக்காட்டுக்கு எவ்வளவு நீலம்னு பிஷப் எழுதிக் கொடுத்தாருனு நீங்கதானே இப்ப சொன்னீங்க."

"அது விசுவாசம், அக்கா!"

"இதுவும் விசுவாசம்தான். டிக்கெட் வாங்கினவன் எல்லாம் நம்பித்தானே கப்பல் ஏறினான்?"

மண்டபம் சிரித்தது. ரோலண்டுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்ன பதிலில் சாரம் இருந்தது. "கப்பல் போனதும் அந்தப் படம் குப்பை. அதோட அது பொய் சொல்லுது. உங்க ரப்பர் படத்துல உங்க அப்பா எங்க? ஆளைக் காட்டினா சீமைக்காரன் டிக்கெட் வாங்க மாட்டான்னு அழிச்சுட்டாங்க. அதைப் போய்க் கலைங்கிறீங்க!"

அம்மாள், "நீங்க காட்டின ராஜா படத்துலயும் எங்க அப்பா இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யார் வென்றார்கள் என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை.

ஜப்பான் ஆட்சியின் இரண்டாம் வருஷத்தில் இந்த வழக்கு சிரிக்கும் விஷயமாக இல்லாமல் போனது. பள்ளியில் சித்திர வகுப்பு நின்றுவிட, ரோலண்ட் ஜப்பானிய எழுத்து படித்து ஊரில் இருந்த பிரசார ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தார். அங்கிருந்து ஒரு கட்டளை வந்தது. எதிரி நாட்டு விளம்பரப் படங்கள் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். வைத்திருந்து பிடிபட்டால் தண்டனை. ஓவியக் கலையைச் சேர்ந்தவை மட்டும் அதிகாரி பார்த்து முத்திரை இட்ட பின் வீட்டில் இருக்கலாம். ஒப்படைத்த படங்கள் என்ன ஆகும் என்பது கட்டளையில் இல்லை. ரோலண்டுக்குத் தெரிந்திருந்தது. ஊரில் தாள் இல்லை. அவற்றின் வெள்ளை முதுகில் ஆபீஸ் அறிக்கையை அச்சடித்து, படம் சுவர்ப் பக்கம் போகும்படி ஒட்டிவிடுவார்கள்.

அவர் வியர்த்துப்போய் வந்து நின்றபோது நான் அம்மாளிடம் வாத்து முட்டைக்கு உப்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நாளைக்கு எங்க ஆபீஸ் அதிகாரி மொரிதா-சான் வர்றார். நான் கூட வருவேன். அவர் கேட்டா கலைனு சொல்லிடுங்க. போதும்."

"எது?"

"உங்க படங்கதான்! வேற எது?"

அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை வருஷமா இல்லைன்னீங்களே மாப்பிள்ளை."

"இப்ப ஆமாங்கிறேன். அலமாக், இதுக்கும் சண்டையா?"

"எனக்குத்தான் இப்ப சந்தேகமா இருக்கு. கலைன்னா கண்ணாடி போட்டு, இருட்டு ரூம்புல வெச்சு, மெதுவாப் பேசணும். இது அதுக்குப் பண்ணதா? ரோட்டுல நின்னு நாலு பேரைக் கூப்பிடறதுக்குப் பண்ணது. இது கலைனு நான் கையெழுத்துப் போட்டா, இது கூப்பிடலைனு சொன்ன மாதிரி ஆயிடும்."

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று ரோலண்ட் என் பக்கம் திரும்பினார். முப்பது வருஷத்துக்கு மேல் நில ஆபீஸில் பதிவேடுகளைக் காத்தவன் நான். ஒரு பொருள் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று கேட்டால் பதில் சொல்லிப் பழகியவன். அந்தச் சுவரைப் பார்த்தேன். பக்கத்தில் மாட்டியிருந்த திருஇருதய ஆண்டவர் படத்தையும் பார்த்தேன். அதுவும் கல்லில் அடித்த அச்சுப் படம்தான். அதே மை. அதிலும் கீழே எழுத்து இருந்தது. உப்பை அளந்து கொடுத்தேன்.

அந்தச் சந்தேகத்தோடு பயமும் அம்மாளுக்கு இருந்தது. அதற்கு முன்பே எங்கள் தெருவில் ரேடியோ வைத்திருந்த ஒருவரை ஜப்பான்காரர்கள் கொண்டுபோயிருந்தார்கள். அவர் திரும்பி வரவில்லை. மறுநாள் காலை அம்மாள் சாரோங்கைத் தூக்கவே இல்லை. வாத்துகளையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

மொரிதா-சான் வாளில்லாத அதிகாரி. குட்டை. மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தது. தெருப் பொறுப்பாளன் என்ற முறையில் நான் சாட்சியாக நிற்கவேண்டியிருந்தது. அவர் ஜப்பானியத்தில், நடுநடுவே உடைந்த மலாயைக் கலந்து பேச, ரோலண்ட் தமிழில் சொன்னார். உள்ளே வந்ததும் அவர் படங்களின் பக்கத்தில் போகவில்லை. பின்னால் பின்னால் நடந்து ஜன்னலில் முதுகு இடிக்கும் வரை வந்துவிட்டார். அம்மாளின் புருவம் உயர்ந்தது.

"ஒசாகாவில மருந்து டப்பாவுக்குப் படம் போட்டவராம்" என்று ரோலண்ட் மெல்லச் சொன்னார்.

மொரிதா கப்பல் படத்தைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். தாளின் ஓரத்தில் கப்பல் அறுபட்டு நிற்பதைக் கையால் வெட்டிக் காட்டினார். ரோலண்ட் கேட்கக் கேட்கக் குழம்பினார்.

"இது எங்க நாட்டுப் படம்ங்கிறார், அக்கா. அதாவது, வரைஞ்சவன் வெள்ளைக்காரன்தான். ஆனா நிழல் இல்லாத நிறம், பாதியில அறுக்கறது, சாய்ச்சு வெக்கறது, எல்லாம் இவங்க மரக்கட்டை அச்சுப் படத்துல இருந்து எடுத்ததாம். அங்கயும் ஒரு நிறத்துக்கு ஒரு கட்டையாம். கூத்துக்காரனுக்கும் டீக்கடைக்கும் விளம்பரமா அடிச்சு, ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலைக்கு வித்ததாம். பீங்கானைச் சுத்தி சீமைக்கு அனுப்பின தாளை வெள்ளைக்காரன் பிரிச்சுக் கண்ணாடி போட்டானாம். அப்புறம்தான் இவங்க ஊர்லயும் கண்ணாடி போட்டாங்களாம்."

"அப்ப அது கலையா இல்லையானு கேளுங்க."

ரோலண்ட் கேட்டார். மொரிதா கண்ணாடியைக் கழற்றி நூலைத் திருகினார். தெரியவில்லை என்பதுபோல் தோளைக் குலுக்கினார். பிறகு ஆபீஸ் குரலில் பேசினார். படம் நன்றாக இருக்கிறது. ஆனால் எழுத்து எதிரியின் பாஷை. கீழே இருக்கும் எழுத்தை வெட்டிவிட்டால் மிச்சம் கலை. அதற்கு முத்திரை உண்டு. வெட்டாவிட்டால் விளம்பரம்.

ரோலண்டுக்கு உயிர் வந்தது. "அவ்வளவுதானே! கத்தரிக்கோல் எங்க அக்கா? நானும் இதைத்தான் சொல்லிட்டிருந்தேன். படம் வேற, எழுத்து வேற."

அம்மாள் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். கப்பல் படத்தின் முன்னால் நின்றார். ரோலண்டிடம் கொடுக்கவில்லை. தானும் வெட்டவில்லை. மொரிதாவின் பக்கம் திரும்பி, எழுத்தை உள்ளங்கையால் மறைத்துக் காட்டி, தமிழிலேயே பேசினார்.

"கீழ பாருங்க. இந்தத் தடியான எழுத்துதான் தண்ணி. இது மேலதான் கப்பல் உக்காந்திருக்கு. இதை எடுத்துட்டா கப்பல் அந்தரத்துல தொங்குது. படம் போட்ட ஆளேதான் எழுத்தையும் போட்டிருக்கான், ரெண்டும் ஒரே கை. மாப்பிள்ளை, சொல்லுங்க. சரியாச் சொல்லணும்."

ரோலண்ட் சொன்னார். மொரிதா கையை நீட்டி, தொலைவிலிருந்தே தன் உள்ளங்கையால் எழுத்தை மறைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடி மறைத்தார். எழுத்து இல்லாதபோது கப்பல் அசிங்கமாக மிதந்தது என்பதை நானும் கண்டேன். "பெத்துல்" என்று முணுமுணுத்தார். மலாயில் சரிதான் என்று பொருள். ஆனால் அது சரியாக இருந்தது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. அம்மாளின் பேச்சு சரியென்றால் எழுத்தும் கலை. எழுத்து கலை என்றால் எதிரியின் பாஷைக்கு முத்திரை இடவேண்டும்.

"அக்கா, வெட்டிடுங்க" என்றார் ரோலண்ட். "பாதியாச்சும் மிஞ்சும்."

"பாதிக் கப்பல்ல யாரு போவாங்க? முழுசா எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

படங்கள் ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து இறங்கின. கப்பல், கடற்கரை, ஒட்டகம், தேயிலை. ரப்பர் படத்தின் முன்னால் ரோலண்ட் ஒரு கணம் தயங்கினார். அம்மாள்தான் அதை இறக்கிச் சுருட்டிக் கொடுத்தார்.

ஆறாவதில் வந்து எல்லாம் நின்றுபோனது. அதில் ஒரு தீவு, சாய்ந்த தென்னை, தூரத்தில் புகை விடும் சிறு கப்பல். கீழே ஒரு சாண் உயரத்துக்கு வெறும் வெள்ளைப் பட்டை. எழுத்தே இல்லை. மொரிதா குனிந்து தேடினார்.

"எழுத்து எங்கேனு கேக்கறார்."

"அது நாங்க போடறது. எந்த ஊர் ஏஜென்ட், என்னிக்குக் கப்பல்னு அச்சடிச்சோ துண்டுத்தாள் ஒட்டியோ போட்டுக்கணும். அதுக்குத்தான் காலியா விட்டு அனுப்புவாங்க. பெனாங்குல ஒரு பேரு, இங்க ஒரு பேரு. இது இன்னும் படமே ஆகலைனு சொல்லுங்க. முடியாத படம்."

ரோலண்ட் அதை எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மொரிதாவின் முகம் தெளிந்தது. எழுத்து இல்லை. கம்பெனி இல்லை. எங்கும் கூப்பிடவில்லை. எதையும் விற்கவில்லை. ஆகவே கலை. பையிலிருந்து சதுர முத்திரையை எடுத்து, சிவப்பு மையில் ஒற்றி, அந்த வெள்ளைப் பட்டையின் வலக்கோடியில் நேராகப் பதித்தார். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தார். தென்னையின் சாய்வுக்கு அந்தச் சிவப்புச் சதுரம் எதிர் எடையாக நின்றது. அவருக்கே அது பிடித்திருந்தது போலும். அம்மாளுக்கு ஒரு கும்பிடு வைத்துவிட்டு ஐந்து சுருளோடு போனார்.

அடுத்த வாரங்களில் மார்க்கெட் சுவரிலும் பெர்ரித் துறையிலும் புதிய அறிக்கைகள் வந்தன. கெட்டியான நல்ல தாள். மழை பெய்து ஈரமானபோது வெள்ளையின் பின்னால் மங்கலாக ஏதோ கறுப்பு தெரிந்தது. ரோலண்ட் ஒரு மாலை அம்மாளிடம் வந்து, என்னைத் தவிர யாரும் கேட்காதபடி சொன்னார். "மார்க்கெட்டுல இருக்கறதுதான் கப்பல். நாலு மூலையில மட்டும் பசை தடவச் சொல்லியிருக்கேன் அக்கா. எப்பயாச்சும் ஒரு நாள் உரிச்சு எடுத்துடலாம்."

"ஒட்டியாச்சுல்ல மாப்பிள்ளை. ஒட்டறதுக்குத்தானே அடிச்சாங்க?"

ரோலண்ட் என்னைப் பார்த்தார். அம்மாள் விளையாட்டாகச் சொல்கிறாரா, மன்னிக்கிறாரா, குத்துகிறாரா என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அம்மாள் மார்க்கெட்டுக்குப் போகும்போது அந்தச் சுவரின் எதிரே நிற்பதில்லை. தலையை மட்டும் திருப்புவார்.

வெறும் சுவரில் ஒற்றைப் படம் தொங்கியது. முத்திரை வாங்கிய கலைப் பொருள் என்பதால் அதை ஒளிக்கத் தேவையில்லை. சாரோங்கும் வேண்டாம். ஆனால் காலை நடை நின்றுவிட்டது. அம்மாள் வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதை நான் கண்டேன். அப்படி அவர் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த ரோலண்ட் ரோட்டிலேயே நின்றுவிட்டார். நானும் வெளியே வந்தேன். படம் முன்ஜன்னலுக்கே வந்து, ரோட்டைப் பார்த்துத் தொங்கியது. வெள்ளைப் பட்டையில், முத்திரைக்கு இடப்பக்கம், துண்டுத்தாள் ஒன்று. தடித்த எழுத்தில் தமிழிலும் மலாயிலும் எழுதியிருந்தது: வாத்து முட்டை உண்டு. உப்பு, துணிக்கு மாற்றலாம். அம்மாள் விரலில் மரவள்ளிப் பசையோடு வாசலில் நின்றிருந்தார்.

"அக்கா! முத்திரை போட்ட கலைப் படத்துல முட்டை வியாபாரமா? மொரிதா-சான் பாத்தா நான் என்ன சொல்லுவேன்? கலைனு சொல்லவா, விளம்பரம்னு சொல்லவா?"

"முத்திரை மேல ஒட்டலையே. பக்கத்துலதானே?" என்றார் அம்மாள். ஜன்னலருகே போய், துண்டுத்தாளை ஒரு விரல் அகலம் கீழே இழுத்து, அதன் மேல்விளிம்பு முத்திரையின் மேல்விளிம்போடு ஒரே கோட்டில் நிற்கும்படி வைத்தார்.

ரோலண்ட் வாய் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சித்திர ஆசிரியரின் கண் அவரை மீறி அந்தக் கோட்டைத் தொடர்ந்து, முத்திரைக்குப் போய், தென்னையில் ஏறி, புகை விடும் கப்பலுக்குப் போய், மறுபடி முட்டைக்கு வந்தது.

அம்மாள் ரோட்டுக்கு வந்தார். பசை படாத கையை அவர் முதுகில் வைத்து மெல்லத் தள்ளினார்.

"நிக்காதீங்க மாப்பிள்ளை. நடங்க."